காய்ச்சல் அறைக்கு யார் தானாக வருவார்கள்?

விடுதியின் நோட்டீஸ் போர்டில் மழைக்காலம் வந்ததும் ஒரு தாள் ஒட்டப்படும். “காய்ச்சல் உள்ள மாணவிகள் உடனே வார்டனிடம் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் நடவடிக்கை எடுக்கப்படும்.” இதைப் படிக்கும் பெண் முதலில் செய்வது, பையில் கிடக்கும் பாராசிட்டமால் ஒன்றை விழுங்கிவிட்டு வகுப்புக்குக் கிளம்புவதுதான். வருகைப்பதிவு 75 சதவீதத்துக்குக் கீழே போய்விடுமோ, வீட்டுக்குப் போன் போட்டு அம்மாவைப் பதற வைத்துவிடுவார்களோ, ஒரு மூலை அறையில் தனியாகக் கிடக்க வேண்டுமோ என்ற பயம் அவளுக்கு. மாத்திரை சூட்டை இறக்கும். கிருமி பரவுவதை நிறுத்தாது.

ஃப்ளூ விடுதிகளில் எவ்வளவு வேகமாக ஓடும் என்பதற்கு 1978 ஜனவரியில் இங்கிலாந்தின் வடபகுதியில் ஓர் ஆண்கள் உறைவிடப் பள்ளியில் நடந்ததே சாட்சி. அங்கே 763 மாணவர்கள் தங்கியிருந்தார்கள். இரண்டே வாரத்துக்குள் 512 பேர் படுத்துவிட்டார்கள். அந்த வகைக் கிருமி அதற்கு முன் இருபது ஆண்டுகளாக உலகில் சுற்றவில்லை. அதனால் அந்தப் பையன்களின் உடலுக்கு அது புதிது. நம் விடுதிகளில் ஒவ்வோர் ஆண்டும் அந்த அளவுக்குப் போகாது. ஆனால் வழி ஒன்றுதான்: ஒரே அறையில் நான்கு கட்டில், ஒரே மெஸ், ஒரே குழாயடி.

ஆகவே அறிவிப்பு எழுத உட்காரும் வார்டன், மிரட்டலில் அல்ல, உறுதிமொழியில் தொடங்க வேண்டும். இப்படி: “காய்ச்சலோடு இருமலோ தொண்டை வலியோ இருந்தால் அன்றே சொல்லுங்கள். இரவு இரண்டு மணியானாலும் கதவைத் தட்டலாம். வகுப்புக்கு வர முடியாததற்கான கடிதத்தை நானே துறைக்கு அனுப்புகிறேன். வீட்டுக்கு நீங்களே பேசுங்கள். பேச முடியாத நிலை என்றால் மட்டும் நான் பேசுகிறேன். சிக் ரூம் சாப்பாட்டுக்குத் தனிக் கட்டணம் கிடையாது.” முதல் நாளே சொல்ல வைப்பதுதான் முக்கால் வேலை. ஏனென்றால் காய்ச்சல் தொடங்குவதற்கு ஒரு நாள் முன்பிருந்தே கிருமி வெளியே வரத் தொடங்கிவிடும். முதல் மூன்று நான்கு நாட்களில்தான் அது அதிகம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திங்கள் இரவு ஒரு மாணவிக்கு 101 டிகிரி காய்ச்சல். ஞாயிறன்றே அவள் மூச்சில் கிருமி வந்திருக்கும். ஒட்டினால் ஒன்று முதல் நான்கு நாட்களில் தெரியும் என்பதால், அறைத்தோழிகள் மூவருக்கும் வியாழன், வெள்ளி வரை கண்காணிப்பு தேவை. அவளைத் திங்கள் இரவே பிரித்தால் மூவரில் ஒருத்தியாவது தப்பிக்கக்கூடும். புதன் வரை மறைத்தாள் என்றால் மூவரோடு மெஸ்ஸும் சேர்ந்துகொள்ளும்.

சிக் ரூம் என்பது பழைய பாய்களைப் போட்டுவைக்கும் ஸ்டோர் ரூம் அல்ல. வராந்தாவின் கடைசியில், தனிக் கழிப்பறையோடு இருக்கும் அறை நல்லது. மேலே சுற்றும் மின்விசிறி அறைக்குள் இருக்கும் காற்றையே கலக்கும். புதிய காற்றைக் கொண்டுவராது. ஜன்னலில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன் வைத்து, காற்றை வராந்தாப் பக்கம் தள்ளாமல் வெளியே தள்ளினால், வராந்தாக் காற்று கதவடி வழியே உள்ளே வந்து அறைக்காற்று வெளியேறும். நம் ஊரில் ஆறு மணியானால் கொசுவுக்காக ஜன்னலைச் சாத்திவிடுவது வழக்கம். அந்த அறைக்கு மட்டுமாவது வலை அடித்துவிட்டு ஜன்னலைத் திறந்தே வைக்க வேண்டும். இரண்டு மூன்று பேர் படுக்க நேர்ந்தால் கட்டில்களுக்கு நடுவே ஒரு மீட்டராவது இடைவெளி விட்டு, ஒருத்தியின் தலைமாட்டுக்கு நேராக மற்றவள் கால்மாடு வருமாறு போடலாம்.

ஒன்றை வார்டன் மறக்கக்கூடாது. இருமலோ சளியோ இல்லாமல் காய்ச்சல் மட்டும் அடித்து, கண்ணுக்குப் பின்னால் வலி, மூட்டு வலி என்றால் அது டெங்குவாக இருக்கலாம். அவளைச் சிக் ரூமில் படுக்க வைத்துக் காத்திராமல் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும். எந்தக் காய்ச்சல் என்று தெரியும் வரை ஆஸ்பிரின், ஐபுப்ரோஃபென் வேண்டாம்; பாராசிட்டமால் மட்டும்.

மாஸ்க் விஷயத்தில் அறிவிப்புகள் அதிகம் சத்தியம் செய்கின்றன. 2006-07 குளிர்காலத்தில் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழக விடுதிகளில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்களைக் கொண்டு ஒரு சோதனை நடந்தது. மாஸ்க் மட்டும் அணிந்த குழுவில் தெளிவான வித்தியாசம் தெரியவில்லை. மாஸ்க்கோடு கையையும் கிருமிநாசினியால் சுத்தம் செய்த குழுவில், நான்காம் வாரத்திலிருந்து ஆறாம் வாரம் வரை ஃப்ளூ போன்ற நோய் 35 முதல் 51 சதவீதம் குறைந்தது. ஆய்வகத்தில் உறுதியான ஃப்ளூவை மட்டும் எடுத்தால் அந்த அளவுக்கு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மாணவர்கள் நாளில் சில மணி நேரமே மாஸ்க் அணிந்திருந்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். என் கருத்து: விடுதி முழுக்க எல்லோரையும் மாஸ்க் போடச் சொல்லி ஓய்ந்துபோவதைவிட, போட வேண்டியவர்கள் சரியாகப் போடுவது மேல். இருமுகிறவள் அறையை விட்டு வெளியே வரும்போது, அவளைப் பார்க்க உள்ளே போகிறவர், அந்த வாரம் முழுக்க அறைத்தோழிகள் மூவர். மூக்கை மூடாத மாஸ்க்கும், ஈரமாகிவிட்ட மாஸ்க்கும் பேருக்குத்தான்.

ஆனால் மாஸ்க் அணிந்தே தீர வேண்டும் என்று எழுதும் கையே, எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றும் இடத்தைப் பற்றி எழுத மறந்துவிடுகிறது. மெஸ்ஸில் எதிரெதிரே உட்கார்ந்து, சிரித்து, கதை பேசிச் சாப்பிடும் அரை மணி நேரம்தான் பெரிய ஓட்டை. ஃப்ளூ ஓடும் இரண்டு வாரமும் சாப்பாட்டை மூன்று பந்தியாகப் பிரித்து, மேஜையின் ஒரு பக்கம் மட்டும் உட்காரச் சொல்லலாம். அறைத்தோழிகள் மூவரும் கடைசிப் பந்தியில், ஜன்னலோரம். சாம்பார் வாளியின் கரண்டியை எல்லோரும் தொடாமல் ஒருவரே பரிமாறுவது இன்னும் நல்லது. அந்த ஒருவருக்குக் காய்ச்சல் என்றால் சம்பளம் பிடிக்காமல் அவருக்கும் விடுப்பு. இல்லாவிட்டால் அவரும் பாராசிட்டமாலை விழுங்கிவிட்டு வாளியைத் தூக்குவார்.

சிக் ரூம் தட்டு தனியாகப் போகட்டும். காலையில் இட்லி அல்லது இடியாப்பம், பதினொரு மணிக்கு உப்புப் போட்ட கஞ்சி, மதியம் குழைந்த ரசம் சாதம். தொண்டை எரியும்போது காரக்குழம்பு வேண்டாம். அவளே தயிர் சாதம் கேட்டால் கொடுக்கலாம். தயிரால் ஃப்ளூ முற்றாது. பசியில்லை என்றால் வற்புறுத்த வேண்டாம், தண்ணீரை மட்டும் விடக்கூடாது. சிறுநீர் அடர் மஞ்சளானால் குடிப்பது போதவில்லை என்று அர்த்தம். ஓஆர்எஸ் ஒரு பெரிய பாக்கெட்டை ஒரு லிட்டர் கொதித்து ஆறிய நீரில் கரைத்து வைக்கலாம். தட்டைக் கதவுக்கு வெளியே ஸ்டூலில் வைத்து, தட்டிவிட்டு நகர்ந்தால் போதும். எவர்சில்வர் தட்டும் டம்ளரும் சோப்பும் வெந்நீரும் பட்டால் சுத்தம்தான். அவளுக்கென்று பிளாஸ்டிக் தட்டு வாங்கி ஒதுக்கி வைப்பதில் மருத்துவம் ஒன்றுமில்லை.

தட்டு வைப்பவர் காலையும் மாலையும் வாசலில் நின்று இரண்டு வார்த்தை பேசிப் பார்க்க வேண்டும். மூச்சு வாங்குகிறதா, நெஞ்சு வலிக்கிறதா, உதடு நீலம் பாய்ந்திருக்கிறதா, கேள்விக்குக் குழறிப் பதில் சொல்கிறாளா, சளியில் ரத்தம் வருகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் அப்போதே ஆஸ்பத்திரி. விட்ட காய்ச்சல் இரண்டு நாள் கழித்துக் கூடுதலாகத் திரும்பினாலும் அப்படியே; நுரையீரலில் வேறு கிருமி புகுந்திருக்கலாம். ஆஸ்துமா உள்ளவளுக்கு முதல் நாளே டாக்டர். ஃப்ளூவுக்கான ஒசெல்டாமிவிர் மாத்திரை, தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் நன்றாகக் கேட்கும்.

எப்போது வெளியே விடுவது? மாத்திரை போடாமலே 24 மணி நேரம் காய்ச்சல் இல்லை என்றால். நம் திங்கள் கிழமைக்காரிக்கு வியாழன் காலை கடைசிச் சூடு என்று வைத்துக்கொண்டால், வெள்ளி காலை அறைக்குத் திரும்பலாம். அடுத்த ஐந்து நாள், அதாவது செவ்வாய் வரை, மாஸ்க்கும் கடைசிப் பந்தியும். இருமல் இன்னும் இரண்டு வாரம் இழுக்கலாம். அதற்காக அவளை மறுபடி மூலை அறைக்கு அனுப்பத் தேவையில்லை என்பதையும் வார்டன் அதே தாளில் எழுதிவிட வேண்டும்.