மேட்டின் மேல் தாழும் நீர்

மூன்று மீட்டர் அகலமுள்ள செவ்வக வாய்க்கால் ஒன்றில் விநாடிக்கு 6 கன மீட்டர் நீர், 1.2 மீட்டர் ஆழத்தில் ஓடுகிறது. அதன் தரையில் 15 சென்டிமீட்டர் உயர மேடு ஒன்றைக் கட்டினால் அந்த இடத்தில் நீர்மட்டம் உயரும் என்றுதான் நினைப்போம். ஆனால் அது ஏறத்தாழ 7 சென்டிமீட்டர் தாழும்!

இதை விளக்க, வாய்க்காலின் தரையிலிருந்து ஆற்றலை அளக்கும் முறையைப் பொறியாளர் போரிஸ் பக்மேத்தெஃப் தந்தார். நீரின் ஆழத்தோடு அதன் வேகத்தால் வரும் பங்கையும் கூட்டினால் கிடைப்பது தன்னாற்றல்:

E = y + q²/2gy²

இதில் y ஆழம். q ஒரு மீட்டர் அகலத்துக்கு ஓடும் நீர், நம் வாய்க்காலில் 2. ஆற்றலைக் கிடைக்கோட்டிலும் ஆழத்தை நிலைக்கோட்டிலும் குறித்து வரைந்தால், இடப்பக்கம் மூக்கு நீட்டிய ஒரு வளைவு கிடைக்கும். ஒரே ஆற்றலுக்கு அதில் இரண்டு ஆழங்கள் உண்டு. 1.2 மீட்டருக்கு ஆற்றல் 1.34 மீட்டர், அதே ஆற்றலில் 0.49 மீட்டர் ஆழத்திலும் இதே நீர் பாய்ந்து ஓட முடியும்.

மூக்கின் நுனிதான் மாறுநிலை ஆழம். ஆற்றல் மிகக் குறைவான இடம். q²/g-யின் கனமூலம் எடுத்தால் நமக்கு 0.74 மீட்டர் வருகிறது. நம் நீரின் ஆழம் அதைவிட அதிகம். ஆகவே ஓட்டம் சப்கிரிட்டிக்கல். ஆழத்தை மட்டும் பார்த்து இதை முடிவு செய்யவே கூடாது. இதே வாய்க்காலில் விநாடிக்கு 15 கன மீட்டர் ஓடினால் மாறுநிலை ஆழம் 1.37 ஆகிவிடும். அப்போது அதே 1.2 மீட்டர் நீர் சூப்பர்கிரிட்டிக்கல்.

கரையில் நின்றே சோதிக்கலாம். ஒரு கல்லைப் போடுங்கள். சிற்றலை ஓட்டத்தை எதிர்த்து மேல்நோக்கி நகர்ந்தால் சப்கிரிட்டிக்கல். நம் வாய்க்காலில் அலையின் வேகம் விநாடிக்கு 3.4 மீட்டர், நீரின் வேகம் 1.7; அலை வென்றுவிடுகிறது. நீரின் வேகத்தை அலை வேகத்தால் வகுத்தால் வரும் 0.49-தான் ஃப்ரூடு எண். அது 1-க்குக் கீழே இருக்கிறது.

இனி மேட்டுக்கு வருவோம். உராய்வை விட்டுவிட்டால், மேட்டின் மேல் நீரின் தன்னாற்றல் 0.15 குறைந்து 1.19 ஆகிறது. வளைவின் மேல்கிளையில் மூக்கை நோக்கி இறங்கினால் ஆழம் 0.98. மேட்டையும் சேர்த்தால் மட்டம் 1.13, அதனால்தான் தாழ்வு. மேடு 23 சென்டிமீட்டரை எட்டும்போது மூக்கைத் தொட்டுவிடுகிறோம். அதைவிட உயர்த்தினால் வந்த ஆற்றல் போதாது. நீர் மேல்பக்கம் தேங்கி, தேவையான ஆற்றல் சேரும்வரை மட்டம் ஏறும். 30 சென்டிமீட்டர் மேட்டுக்கு, மேல்பக்க ஆழம் 1.29 ஆகிவிடும். கரையை உயர்த்தாமல் மேடு கட்டுபவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

மூக்கருகே வளைவு ஏறக்குறைய செங்குத்தாக நிற்பதால், ஆற்றலில் சிறு மாற்றமும் ஆழத்தைப் பெரிதாக மாற்றும். அங்கே நீர்ப்பரப்பு அலைபாய்ந்துகொண்டே இருக்கும். அளவுகோலில் நிலையான அளவு கிடைக்காது. அதனால் நீண்ட வாய்க்காலை மாறுநிலைக்கு அருகில் ஓடும்படி வடிவமைப்பதில்லை.