மூக்கடியில் தேன் நிறப் பொருக்கு

எல்.கே.ஜி. படிக்கும் நான்கு வயதுச் சிறுமி அவள். திங்கட்கிழமை மாலை அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு என் அறைக்குள் குதித்துக் குதித்து வந்தாள். காய்ச்சல் இல்லை, சோர்வு இல்லை, காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டிருக்கிறாள். வலது மூக்குத் துவாரத்துக்குக் கீழே மட்டும், வேப்பமரத்துப் பட்டையில் பிசின் காய்ந்து நிற்பதுபோல மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. உதட்டோரத்தில் அதேபோல இன்னொன்று, சற்றுச் சிறியது. கன்னத்தில் புதிதாக ஒரு சிவப்புப் புள்ளி.

“வியாழக்கிழமை சின்னதா சிவந்து இருந்துச்சு டாக்டர். கொசு கடிச்சிருக்கும்னு விட்டுட்டேன். அப்புறம் எங்க மாமியார் அக்கின்னு சொல்லி காவி பூசினாங்க” என்றார் அம்மா.

இது அக்கி இல்லை. இதற்கு மருத்துவத்தில் இம்பெட்டைகோ என்று பெயர். தோலின் மேலடுக்கில் மட்டும் பாக்டீரியா கிருமி குடியேறுவதால் வரும் புண். நம் பேச்சில் சிரங்கு என்ற ஒரே சொல்லுக்குள் இதுவும் அடங்கிவிடுகிறது. ஆனால் இரவெல்லாம் சொறிய வைக்கும் சொறிசிரங்கு வேறு, இது வேறு. இரண்டு முதல் ஐந்து வயதுக் குழந்தைகளிடம்தான் இதை அதிகம் பார்க்கிறோம்.

வியாழக்கிழமைக்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டேன். ஒரு வாரமாகச் சளி. மூக்கு ஒழுக ஒழுக, சட்டைக் கையால் தேய்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். கதை அங்கேதான் தொடங்குகிறது. சேதமில்லாத தோலில் இந்தக் கிருமியால் எளிதில் நுழைய முடியாது. திரும்பத் திரும்பத் துடைத்ததில் மூக்கடித் தோல் உரிந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் விழுந்துவிட்டன. கிருமியோ தொலைவிலிருந்து வர வேண்டியதில்லை. இதற்குப் பெரும்பாலும் காரணமான ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ், நல்ல உடல்நலத்துடன் இருப்பவர்களிலேயே ஏறத்தாழ பத்தில் மூவரின் மூக்கின் முன்பகுதியில் எந்தத் தொல்லையும் தராமல் வசிக்கிறது. அது மூக்கிலிருந்து அரை அங்குலம் கீழே இறங்கினால் போதும். சில குழந்தைகளிடம் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்ற இன்னொரு கிருமி தனியாகவோ இதனுடன் சேர்ந்தோ இருக்கும்.

நுழைந்த இடத்தில் முதலில் சிவப்புப் புள்ளி. அதன்மேல் ஒரு சின்ன நீர்க்கொப்புளம். அதன் தோல் மிக மெல்லியது; சீக்கிரமே உடைந்துவிடும் என்பதால் பெற்றோர் பலர் அந்தக் கொப்புளத்தைப் பார்ப்பதே இல்லை. உடைந்த இடத்தில் கசியும் நிணநீர் காய்ந்துதான் அந்தத் தேன் நிறப் பொருக்கு உண்டாகிறது. ஆரியஸ் என்ற லத்தீன் சொல்லுக்குப் பொன்னிறம் என்று பொருள். 1884-இல் ஆய்வகத் தட்டில் இந்தக் கிருமி பொன் மஞ்சளாக வளர்ந்ததைப் பார்த்து ரோசன்பாக் என்ற ஜெர்மன் மருத்துவர் சூட்டிய பெயர் அது. புண்ணின் நிறம் கிருமியின் நிறமல்ல, நம் உடல்நீர் காய்ந்த நிறம்.

அக்கியும் உதட்டுக் கொப்புளமும் வைரஸால் வருபவை. அவற்றில் கொப்புளங்கள் கொத்தாக நிற்கும், எரியும், வலிக்கும். இம்பெட்டைகோவில் கொஞ்சம் அரிப்பு இருக்கலாம். வலி அனேகமாக இருக்காது.

வலி இல்லாததும் காய்ச்சல் இல்லாததும்தான் பள்ளிக்கூடத்தில் இது பரவுவதற்கு முதல் காரணம் என்பேன். காய்ச்சலடித்தால் குழந்தை வீட்டில் இருந்திருக்கும். இந்தச் சிறுமி வெள்ளிக்கிழமையும் திங்கட்கிழமையும் வகுப்பில்தான் இருந்தாள். அரிக்கும்போதெல்லாம் பொருக்கை நகத்தால் நிமிண்டினாள். அந்த விரலால் கிரேயானை எடுத்தாள், களிமண்ணை உருட்டினாள், பக்கத்துத் தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள். பாயில் நெருக்கி உட்கார்ந்தார்கள்; சாப்பாட்டுக்குப் பின் வகுப்புக்கே பொதுவாகத் தொங்கும் துண்டில் வாயைத் துடைத்தார்கள். இருமலால் பரவும் நோயல்ல இது. புண்ணைத் தொட்ட விரலோ துணியோ இன்னொரு குழந்தையின் கொசுக்கடியிலோ, விழுந்து சிராய்த்த முழங்காலிலோ பட வேண்டும். நம் ஊர் வெயிலிலும் புழுக்கத்திலும் வியர்த்த தோலில், கொசுக்கடி இல்லாத குழந்தையை எங்கே தேடுவது?

இன்னொரு சிக்கல், கிருமி பட்ட அன்றே புண் வராது. நான்கு முதல் பத்து நாள் வரை ஆகலாம். ஆகவே ஒரு குழந்தைக்குக் காய்ந்து முடியும் வேளையில் அடுத்ததற்குத் தொடங்குகிறது. யாரிடமிருந்து வந்தது என்று ஆசிரியைக்கும் புரிவதில்லை. அந்தச் சிறுமியின் கன்னத்துச் சிவப்புப் புள்ளியும் அப்படித்தான். அவள் விரலே அவளுக்குக் கொண்டுவந்து வைத்தது.

மருந்துக் கடையில் கேட்டு, ஒரு கூட்டுக் களிம்பையும் இரண்டு நாள் தடவியிருந்தார்கள். அதில் ஸ்டீராய்டு கலந்திருந்தது. இதைச் சொல்லும்போது எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது. ஸ்டீராய்டு சிவப்பைக் குறைத்துக் காட்டும், அம்மாவுக்கு நிம்மதி வரும். அடியில் கிருமியை எதிர்க்கும் தோலின் சக்தியை அது மட்டுப்படுத்திவிடும்.

இரண்டு மூன்று புண்கள் மட்டும் என்பதால் அவளுக்கு மாத்திரை தேவைப்படவில்லை. மியூபிரோசின் 2 சதவீதக் களிம்பு, ஒரு நாளைக்கு மூன்று முறை, ஐந்து நாள். ஆனால் பொருக்கின் மேலேயே களிம்பைப் பூசினால், பூட்டிய கதவில் தண்ணீர் ஊற்றுவது போலத்தான். கிருமி இருப்பது அடியில். வெதுவெதுப்பான நீரில் நனைத்த சுத்தமான துணியைப் பத்து நிமிடம் ஒற்றி வைத்தால் பொருக்கு ஊறி இளகும். சோப்பு நீரால் மெல்லத் துடைத்தால் வரும். வருவது வரட்டும், ஒட்டிக்கொண்டிருப்பதைப் பிய்க்கக் கூடாது, ரத்தம் வந்தால் புதிய வாசல் திறக்கும். ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டு மெல்லிய பூச்சாகத் தடவ வேண்டும். தடவுபவர் முன்னும் பின்னும் சோப்பால் கை கழுவ வேண்டும். குழந்தையின் நகத்தை அன்றே வெட்டி, துண்டையும் தலையணை உறையையும் தனியாக வைத்து வெந்நீரில் துவைக்கச் சொன்னேன்.

“எப்போ ஸ்கூலுக்கு அனுப்பலாம்?” என்றார். கிருமிக்கொல்லி மருந்து தொடங்கி 24 மணி நேரம் கழித்து அனுப்பலாம் என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பிரிட்டனில் 48 மணி நேரம் என்கிறார்கள். புண் முகத்தில் இருப்பதால், துணி கட்டி மூடவும் முடியாது. விரல் எப்போதும் அங்கேயே போகும். அதனால் நான் இரண்டு நாள் என்றேன். வகுப்பு ஆசிரியையிடம் சொல்லிவிடும்படியும் கேட்டுக்கொண்டேன். அந்த அம்மா தயங்கினார். அழுக்குப் பிள்ளை என்று பேசுவார்களோ என்ற பயம். அழுக்கால் வந்ததல்ல என்று ஆசிரியைக்கே ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தேன். பொதுத் துண்டை எடுத்துவிடுங்கள், பக்கத்தில் உட்காரும் பிள்ளைகளின் முகத்தை அடுத்த பத்து நாளும் பாருங்கள் என்றும் அதில் எழுதினேன்.

புண்கள் பல இடங்களில் பரவினாலோ, பெரிய கொப்புளங்கள் வந்தாலோ, காய்ச்சல் சேர்ந்தாலோ, மூன்று நாள் களிம்புக்கும் அடங்காவிட்டாலோ உள்மருந்து வேண்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் காரணமாக இருந்தால் அரிதாக ஒன்று நடக்கலாம்: புண் வந்து ஏறத்தாழ மூன்று வாரம் கழித்து, தோல் ஆறி எல்லோரும் மறந்த பின், சிறுநீரகம் வீங்கும். காலையில் எழும்போது கண்ணிமை உப்பியிருக்கும், சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் குறைவாகப் போகும். அப்படிக் கண்டால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அடுத்த திங்கட்கிழமை அவள் வந்தபோது பொருக்குகள் உதிர்ந்திருந்தன. மூக்கடியில் இளஞ்சிவப்பாக ஒரு தடம் மட்டும். “தழும்பு நிக்குமா டாக்டர், பொம்பளப் புள்ள” என்றார் அம்மா. நிற்காது. புண் மேலடுக்கைத் தாண்டி இறங்கவில்லை. அந்தச் சிவப்பும் சில வாரங்களில் மறைந்துவிடும். அவருடன் வந்திருந்த பக்கத்து வீட்டுப் பையனும் அதே வகுப்புதான். அவன் உதட்டோரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி இருந்தது.