தனி நாவலா, முத்தொகுதியா?

ஒரு நூலிலேயே தொடங்கி முடியும் கதை தனி நாவல் எனப்படுகிறது. ஒன்றோடொன்று தொடர்புடைய மூன்று நாவல்களின் வரிசை முத்தொகுதி அல்லது டிரிலாஜி எனப்படுகிறது. கையில் உள்ள கதை இவற்றில் எதற்கு உரியது என்பதை எழுத்தாளர் தொடக்கத்திலேயே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. கதை நீளமாக இருந்தால் மூன்று நூல், குறுகியதாக இருந்தால் ஒரு நூல் என்று பலர் எண்ணுகின்றனர். ஆனால் நீளம் இதில் நல்ல அளவுகோல் அன்று. முதல் நூல் எழுப்பும் மையக் கேள்வி அந்த நூலுக்குள்ளேயே விடை பெறுகிறதா என்பதே முதலில் பார்க்க வேண்டியது. நைஜீரிய எழுத்தாளர் சினுவா அச்சிபேயின் நாவல்கள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு.

## ஒரே நாவலாகத் தொடங்கிய கதை

அச்சிபே முதலில் எழுதிய கைப்பிரதி ஒரு குடும்பத்தின் மூன்று தலைமுறைகளைப் பற்றியது. தாத்தா ஒக்கொங்வோ இக்போ இனத்தின் பழைய கிராம வாழ்வில் ஊன்றி நின்றவர். மகன் நுவோயி கிறித்தவராக மாறி ஐசக் என்ற பெயரைப் பெற்றவர். பேரன் ஓபி இங்கிலாந்தில் படித்துத் திரும்பி, லாகோஸ் நகரில் அரசுப் பணியில் சேர்ந்தவர். இம்மூவரின் கதையையும் ஒரே நூலில் சொல்வதுதான் அவரது திட்டம்.

எழுதிய பின் படித்துப் பார்த்தபோது, மூன்று வாழ்க்கைகளையும் ஒரே நூலில் அடக்கியதால் எதுவும் ஆழமாக அமையவில்லை என்று அவர் உணர்ந்தார். எனவே ஒக்கொங்வோவின் பகுதியை மட்டும் எடுத்து விரித்து எழுதினார். 1958-ஆம் ஆண்டில் வெளியான 'திங்ஸ் ஃபால் அபார்ட்' அதுவே. இது தமிழில் 'சிதைவுகள்' என்ற பெயரில் வெளிவந்துள்ளது. பேரன் ஓபியின் கதை 'நோ லாங்கர் அட் ஈஸ்' என்ற நாவலாக 1960-இல் வந்தது. நடுவில் இருந்த மகனின் கதை தனி நூலாகவில்லை.

## முதல் நூல் எவ்வாறு முழுமை பெறுகிறது

'சிதைவுகள்' 25 அத்தியாயங்கள் கொண்டது. கதையின் அடிப்படை ஒக்கொங்வோவின் அச்சம். கடனாளியாக இறந்த தன் தந்தை உனோகாவைப் போல் தானும் வலுவற்றவன் என்று பெயர் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகவே அவர் வாழ்கிறார். இந்த அச்சம் அவரை எங்கே கொண்டு சேர்க்கும் என்பதே நூலின் கேள்வி. நூலின் பாதிக்கு மேற்பட்ட பகுதி, அதாவது முதல் 13 அத்தியாயங்கள், அவருடைய ஊரான உமுவோஃபியாவின் வாழ்வுக்கு ஒதுக்கப்பட்டுள்ளன. பிறகு ஏழாண்டு ஊர்விலக்கமும் திரும்பி வருதலும் வருகின்றன. இறுதியில் ஆங்கிலேய நிர்வாகத்தின் ஏவலர் ஒருவரை அவர் வெட்டிக் கொல்கிறார். ஊரார் தம்முடன் சேர்ந்து போரிட மாட்டார்கள் என்று அறிந்து தூக்கிட்டு இறக்கிறார். கேள்விக்கு மீளமுடியாத விடை கிடைத்துவிடுகிறது.

அதே நூலில் மகன் நுவோயி தந்தையைப் பிரிந்து மிஷன் பள்ளிக்குப் போகிறான். அவனுக்குப் பின்னர் என்ன ஆயிற்று என்பது விரிவாகச் சொல்லப்படவில்லை. ஆயினும் வாசகர் நூல் பாதியில் நின்றதாக உணர்வதில்லை. கிளைக்கதை ஒன்று திறந்திருப்பது வேறு, மையக் கேள்வி திறந்திருப்பது வேறு. முதலாவது அடுத்த நூலுக்கு வழிவிடும். இரண்டாவது, வாசகரை அடுத்த நூலை வாங்கினால்தான் முடிவு தெரியும் என்ற நிலையில் விட்டுவிடும்.

## அடுத்த நூலுக்குத் தனிக் கேள்வி

ஓபியின் கதை தாத்தாவின் கதையை நீட்டிச் செல்வதில்லை. ஊர்ச் சங்கம் கடன் கொடுத்துப் படிக்கவைத்த நேர்மையான இளைஞன் எப்படி லஞ்சம் வாங்கும் நிலைக்கு வருகிறான் என்பது அந்நூலின் கேள்வி. அது நகரத்தில், வேறொரு காலத்தில் நடக்கிறது. முதல் நூலைப் படிக்காதவருக்கும் அது விளங்கும். படித்தவருக்கு மட்டும் கூடுதலாக ஒன்று கிடைக்கிறது. ஓபி விரும்பும் கிளாரா, ஊர் வழக்கப்படி ஒதுக்கப்பட்ட ஓசு மரபைச் சேர்ந்தவள். அவளை மணக்கக் கூடாது என்று மகனைத் தடுக்கும் முதியவர், தன் தந்தையையே எதிர்த்து வெளியேறிய அந்த நுவோயிதான்.

நடுப்பகுதி ஏன் தேவைப்படவில்லை என்பதற்கும் இங்கே ஒரு விளக்கம் காணலாம். நுவோயியின் பெரிய முடிவு முதல் நூலிலேயே நிகழ்ந்துவிட்டது. அதன் பின்விளைவு பேரனின் கதையில் தெரிகிறது. இடையில் விடை தேட வேண்டிய புதிய கேள்வி அதிகம் மிஞ்சவில்லை.

1964-இல் வந்த 'ஆரோ ஆஃப் காட்' வேறொரு ஊரின் தலைமைப் பூசாரி எசெயுலுவைப் பற்றியது. அது இக்குடும்பத்தின் கதை அன்று. எனினும் மூன்று நூல்களும் சேர்ந்து ஆப்பிரிக்க முத்தொகுதி என்று அழைக்கப்படுகின்றன.

## எதிர்மாறான நிலை

ஜே. ஆர். ஆர். டோல்கீனின் 'தி லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' முத்தொகுதி என்று பரவலாக அறியப்பட்டாலும், ஆசிரியர் அதை ஒரே நாவலாகவே எழுதினார். போருக்குப் பிந்தைய பிரிட்டனில் தாளின் விலையும் அச்சுச் செலவும் அதிகமாக இருந்ததால் பதிப்பகம் அதை மூன்றாகப் பிரித்து 1954, 1955 ஆண்டுகளில் வெளியிட்டது. இரண்டாம் பாகம் கதாநாயகன் ஃபுரோடோ எதிரிகளிடம் சிக்கிய இடத்தில் முடிகிறது. மூன்றாம் பாகம் வர ஏறக்குறைய ஓராண்டு ஆனதால் முதல் வாசகர்கள் அதுவரை காத்திருக்க நேர்ந்தது. மூன்று அட்டைகள் இருப்பதால் மட்டும் மூன்று கதைகள் இருப்பதாகக் கொள்ள முடியாது என்பதை இது காட்டுகிறது.

## சோதித்துப் பார்க்கும் முறை

எழுதத் தொடங்கும் முன், திட்டமிட்ட ஒவ்வொரு நூலின் கதையையும் ஒரு பக்கத்தில் சுருக்கி எழுதலாம். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் அந்த நூலின் கேள்வியை ஒரே வாக்கியமாகக் குறிக்க வேண்டும்.

மூன்று பக்கங்களிலும் ஒரே கேள்வி வந்தால் அது டோல்கீனின் கதையைப் போல ஒரே கதை. அதைத் தனி நாவலாக எழுதலாம். பிரித்தே ஆக வேண்டுமானால், பாத்திரம் பழைய நிலைக்குத் திரும்ப முடியாத ஒரு மாற்றம் நிகழும் இடத்தில் பிரிக்கலாம். இரண்டாம் பக்கத்தில் பயணமும் ஆயத்தமும் மட்டுமே இருந்து, முடிவு எதுவும் இல்லையென்றால் அந்த நூல் தேவையில்லை. அதன் நிகழ்ச்சிகளை மற்ற இரண்டிலும் பகிர்ந்துவிடலாம். மூன்று வெவ்வேறு கேள்விகள் கிடைத்தால் முத்தொகுதிக்கு இடம் உண்டு.

முதல் நூலின் வலுவான காட்சிகளை அடுத்த நூலுக்கென்று ஒதுக்கி வைப்பது புதிய எழுத்தாளர்களிடம் காணப்படும் தவறு. முதல் நூல் விற்காவிட்டால் அடுத்ததை வெளியிடப் பதிப்பகம் முன்வராமல் போகலாம். அப்போது ஒதுக்கிவைத்தவை வாசகரைச் சேர்வதே இல்லை. அந்தக் காட்சிகளைச் சேர்த்தபின் அடுத்த நூலுக்கு எதுவும் மிஞ்சவில்லை எனில், அக்கதை தொடக்கத்திலிருந்தே தனி நாவலாக இருந்தது என்று பொருள்.

இம்முறை நாவலின் வடிவத்தை மட்டுமே தீர்மானிக்க உதவும். எழுதும்போது கேள்வியே மாறிவிடுவதும் உண்டு. அச்சிபேயும் முழுக் கைப்பிரதியை எழுதிய பின்னரே தன் திட்டத்தை மாற்றினார். எனவே முதல் வரைவு முடிந்ததும் அந்த மூன்று பக்கங்களையும் மீண்டும் எழுதிப் பார்ப்பது நல்லது.