மூளைக்காய்ச்சலில் இரண்டு விதம்: முதுகில் நீர் எடுப்பது எதற்கு?

"முதுகுல ஊசி போட்டா கால் விளங்காமப் போயிடும்னு சொல்றாங்களே டாக்டரம்மா, கட்டாயம் எடுக்கணுமா?"

காய்ச்சலில் நினைவு தப்பிய பிள்ளையோடு வரும் குடும்பத்தார் பலரும் கேட்கும் கேள்வி இது. உப்பூர் பக்கத்திலிருந்து ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனாலும் சரி, வேறு எங்கே போனாலும் சரி, இந்தப் பரிசோதனைக்கு முன் ஒப்புதல் கையெழுத்து கேட்பார்கள். ஏன் என்று முன்பே தெரிந்திருந்தால் அங்கே தயங்கி நிற்க வேண்டியதில்லை.

ஒரே பேர், இரண்டு நோய்

நாம் 'மூளைக்காய்ச்சல்' என்று சொல்வதில் இரண்டு நோய்கள் இருக்கின்றன. மூளையைச் சுற்றியுள்ள உறையில் பாக்டீரியா கிருமி தாக்கினால் அது மூளை உறை அழற்சி. மூளைக்குள்ளேயே வைரஸ் புகுந்தால் அது மூளை அழற்சி.

உறை அழற்சியில் கடும் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, வாந்தி, கழுத்து விறைப்பு எல்லாம் சில மணி நேரத்தில், அல்லது ஓரிரு நாளில் முற்றிவிடும். குனிந்து தாடையை நெஞ்சில் தொட முடியாது. வெளிச்சம் பட்டால் கண் கூசும். கைக்குழந்தைக்குக் கழுத்து விறைக்காமலே போகலாம். பால் குடிக்க மறுப்பது, உச்சிக்குழி புடைப்பது, ஓயாமல் வீறிட்டு அழுவது ஆகியவற்றைக் கவனியுங்கள்.

மூளை அழற்சியில் புத்தியில்தான் மாற்றம் முதலில் தெரியும். சம்பந்தமில்லாமல் பேசுவது, வீட்டு ஆட்களையே அடையாளம் தெரியாமல் போவது, வலிப்பு, ஒரு பக்கக் கை கால் பலவீனம் வரலாம். "பேய் பிடிச்சிருக்கு"ன்னு மந்திரிக்கப் போய் ஒரு நாளை வீணாக்குவது இதில்தான் நடக்கிறது. வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்த வகை. இந்தியாவில் அது முதலில் கண்டறியப்பட்டது நம் வேலூர்ப் பகுதியில், 1955இல்.

ஆனால் அறிகுறியை மட்டும் வைத்து இரண்டையும் உறுதியாகப் பிரிக்க முடியாது. இரண்டிலும் காய்ச்சல் உண்டு, வலிப்பும் வரலாம். அதனால்தான் முதுகு நீர்ப் பரிசோதனை.

அந்த நீர் என்ன சொல்கிறது?

உதாரணத்துக்கு இரண்டு பிள்ளைகளின் முடிவுகளைப் பார்ப்போம். முதல் பிள்ளையின் நீர் அரிசி கழுவிய தண்ணீர் போல் கலங்கியிருக்கிறது. வழக்கமாக 5க்குள் இருக்கும் வெள்ளையணுக்கள் 1,200 இருக்கின்றன, பெரும்பாலும் நியூட்ரோபில் வகை. ரத்தத்தில் சர்க்கரை 110. முதுகு நீரில் 25தான். சாதாரணமாக ரத்தச் சர்க்கரையில் மூன்றில் இரண்டு பங்கு இருக்க வேண்டும். புரதமும் மிக அதிகம். இது பாக்டீரியா.

இரண்டாவது பிள்ளையின் நீர் தெளிவாக இருக்கிறது. அணுக்கள் 90, பெரும்பாலும் லிம்போசைட். ரத்தத்தில் சர்க்கரை 100, நீரில் 65. புரதம் லேசாகக் கூடியிருக்கிறது. இது வைரஸைக் காட்டுகிறது.

எல்லா நேரமும் இவ்வளவு தெளிவாக வராது. வைரஸ் நோயின் முதல் நாளில் நியூட்ரோபில் அணுக்களே அதிகம் இருக்கலாம். காசநோய்க் கிருமி தாக்கினால் லிம்போசைட் கூடும், சர்க்கரையோ குறையும். மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் வாங்கிக் கொடுத்திருந்தால் கிருமி வளர்ப்புச் சோதனையில் எதுவும் வளராமல் போகலாம். எந்த மாத்திரை கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். அட்டையைப் போனில் படம் எடுத்து வைத்தால் இன்னும் நல்லது.

சிகிச்சை எப்படி வேறு?

பாக்டீரியா என்று சந்தேகம் வந்தாலே செப்ட்ரியாக்சோன் போன்ற ஆன்டிபயாட்டிக் நரம்பு வழியாக உடனே தொடங்கப்படும். தாமதமானால் காது கேளாமை, உயிரிழப்பு வரை போகும். வீக்கத்தைக் குறைக்கும் டெக்சாமெத்தசோனை முதல் டோஸுக்குச் சற்று முன்போ அதோடு சேர்த்தோ கொடுப்பதுண்டு.

வைரஸுக்கு ஆன்டிபயாட்டிக் வேலை செய்யாது. ஹெர்பஸ் வைரஸ் என்றால் அசைக்ளோவிர் 2 முதல் 3 வாரம் நரம்பு வழியாக ஏறும். ஜப்பானிய மூளைக்காய்ச்சலுக்குத் தனி மருந்து இல்லை. வலிப்பையும் மூளை வீக்கத்தையும் கட்டுப்படுத்தி, மூச்சைக் காப்பாற்றுவதுதான் சிகிச்சை. எது என்று தெரியும் வரை இரண்டு மருந்தையும் சேர்த்தே தொடங்குவார்கள். முடிவு வந்ததும் தேவையில்லாததை நிறுத்துவார்கள்.

கால் விளங்காமப் போகுமா?

தண்டுவடம் இடுப்புக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி அதற்குக் கீழேதான் போகிறது. இரண்டொரு நாள் தலைவலியோ முதுகுவலியோ வரலாம். மூளைக்குள் அழுத்தம் கூடியிருக்கலாம் என்று சந்தேகம் இருந்தால் முதலில் சி.டி. ஸ்கேன் எடுப்பார்கள். அதற்காக மருந்தைத் தள்ளிப்போட மாட்டார்கள்.

காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, வலிப்பு, பேச்சுக் குழப்பம் இவற்றில் ஒன்று இருந்தாலும் 108ஐ அழையுங்கள். தடுப்பூசி அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். 6, 10, 14ஆவது வாரத்தில் போடும் பென்டாவேலன்ட் ஊசி, பாக்டீரியா வகைகளில் ஒன்றைத் தடுக்கும். எதைப் போட்டிருக்கிறது, எது விட்டுப்போனது என்பது டாக்டருக்கு ஒரு தடயம்.