வணக்கம் மட்டும் வந்தால் என்ன பதில் அனுப்புவது?

கடைகளின் வாட்ஸ்அப் எண்ணுக்குத் தினமும் காலையில் வரும் செய்திகளில் ஒரு வகை உண்டு. சிரிக்கும் குழந்தையோ மலர்க்கொத்தோ உள்ள ஒரு படம், கீழே ‘காலை வணக்கம்’. கேள்வி இல்லை, ஆர்டர் இல்லை, புகாரும் இல்லை. அனுப்பியவர் முன்பு பொருள் வாங்கியவர் அல்லது வாங்கப் போகிறவர். பதில் போடும் பொறுப்பில் இருப்பவர் இதை ஒன்றுமில்லாத செய்தி என்று தள்ளிவிடலாம், அல்லது விலைப்பட்டியலை அனுப்பிவிடலாம். இரண்டுமே வாடிக்கையாளரைக் கவனிக்காத பதில்கள்.

வணக்கத்தின் பின்னால் பெரும்பாலும் மூன்றில் ஒன்று இருக்கும். முதலாவது, காலையில் எழுந்ததும் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பும் பழக்கம்; கடையின் எண்ணும் அந்தப் பட்டியலில் சேர்ந்திருக்கும். இரண்டாவது, பேச்சுக்கு முன்னுரை. எடுத்த எடுப்பில் விலை கேட்பது மரியாதையாக இருக்காது என்று நினைப்பவர் முதலில் வணக்கம் வைத்துவிட்டு, பதில் வந்த பிறகு கேட்பார். மூன்றாவதைத்தான் கடைகள் அதிகம் தவறவிடுகின்றன: அது ஒரு நினைவூட்டல். கொடுத்த வேலை என்னாயிற்று என்று நேரடியாகக் கேட்டால் அவசரப்படுத்துவதுபோல் ஆகிவிடுமோ என்று தயங்குபவர், ஒரு சிரித்த படத்தை அனுப்பிக் காத்திருப்பார்.

எது என்று கண்டுபிடிக்கப் படத்தைப் பார்த்துப் பயனில்லை. மேலே `Forwarded` என்ற குறியும் அம்புக்குறியும் இருந்தால் வேறெங்கிருந்தோ வந்த படம் என்று தெரியும், அவ்வளவுதான். நினைவூட்ட நினைப்பவரும் கைக்குக் கிடைத்த படத்தைத்தானே அனுப்புவார். மொபைலில் சேமித்து வைத்து மறுபடி அனுப்பினால் அந்தக் குறியே வராது. நம்பத்தகுந்த சான்று வேறு இடத்தில் இருக்கிறது: அதே உரையாடலில் விரலால் தள்ளிச் சற்று மேலே போனால் கடைசியாக யார், என்ன சொன்னார் என்பது தெரியும். அதோடு கடையின் ஆர்டர் நோட்டையும் ஒருமுறை பார்த்துவிட வேண்டும். கடைசி வாக்கு கடையுடையதாக இருந்து, அது நிறைவேறாமல் நின்றிருந்தால், வந்த வணக்கத்தை நினைவூட்டலாகவே எடுத்துக்கொள்வது நல்லது.

ஒரு தையல் கடையை எடுத்துக்கொள்வோம். ஆரி வேலைப்பாடு போட்ட பிளவுஸ் ஒன்று வியாழக்கிழமை தருவதாகக் கடை சொல்லியிருந்தது. வேலை இழுத்துவிட்டது, யாரும் தகவல் சொல்லவில்லை. சனிக்கிழமை காலை 6.50 மணிக்கு அந்த வாடிக்கையாளரிடமிருந்து குழந்தைப் படமும் காலை வணக்கமும் வருகின்றன. கடை திறப்பது 10 மணிக்கு. திறந்ததும் ‘வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?’ என்று அனுப்பினால் என்ன ஆகும்? தன் துணி அங்கே இருப்பதே கடைக்கு நினைவில்லை என்று அவர் எண்ணுவார். கேட்கத் தயங்கியவரை வாய்விட்டுக் கேட்க வைத்ததாகவும் ஆகும். பொருத்தமான பதில் இப்படி இருக்கும்:

‘வணக்கம்மா. பிளவுஸ் வியாழக்கிழமையே தந்திருக்கணும், லேட் ஆயிடுச்சு, மன்னிச்சுக்கங்க. ஆரி வேலை முடிஞ்சுது. கொக்கி வைக்கிறதும் ஓரம் அடிக்கிறதும்தான் பாக்கி. இன்னைக்கு சாயங்காலம் 6 மணிக்கு மேல வந்து வாங்கிக்கலாம்.’

வணக்கத்துக்கு வணக்கம், அவர் கேட்காமல் விட்ட கேள்விக்கு விடை, வந்து வாங்க ஒரு நேரம். இந்த மூன்றுக்கு மேல் அதில் எதுவும் தேவையில்லை. 6 மணி என்று எழுதுவதற்கு முன் தைப்பவரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். இரண்டாவது முறையும் வாக்குத் தவறினால் அவர் அடுத்து அனுப்புவது சிரித்த படமாக இருக்காது.

பாக்கி எதுவும் இல்லாதவருக்குப் பதில் இன்னும் சுருக்கமானது. ‘வணக்கம்மா, நல்லா இருக்கீங்களா? ஏதாவது தைக்கணும்னா சொல்லுங்க’ என்ற அளவு போதும். கேட்க வந்தவருக்கு அது வழிவிடும்; சும்மா அனுப்பியவரைத் தொந்தரவு செய்யாது. புது டிசைன் படங்களையும் சலுகை அறிவிப்பையும் சேர்த்து அனுப்புவது தவறு. அன்பாக ஒரு வார்த்தை சொன்னவரிடம் சரக்கை விரித்துக் காட்டினால் அவர் மறுபடி வாய் திறக்க யோசிப்பார். நாள் தவறாமல் அனுப்புகிறவருக்குத் தினமும் எழுத வேண்டியதில்லை. அந்தச் செய்தியின் மேல் ஒரு கும்பிடு எமோஜியை வைத்தால் பார்த்தாயிற்று என்று தெரிந்துவிடும். ஆனால் அவர் பெயரில் ஆர்டர் ஓடிக்கொண்டிருக்கும் நாட்களில் அது போதாது.

தானியங்கி பதில்கள் இந்த இடத்தில்தான் சறுக்குகின்றன. வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் உள்ள வரவேற்புச் செய்தி, முதன்முறை எழுதுபவருக்கும் 14 நாள் பேச்சில்லாமல் இருந்து மறுபடி எழுதுபவருக்கும் தானாகப் போகும். மூன்று வாரத்துக்கு முன் துணி கொடுத்துவிட்டுக் காத்திருப்பவர் வணக்கம் சொன்னால், ‘எங்கள் கடைக்கு உங்களை வரவேற்கிறோம்’ என்று அவருக்குப் பதில் போகும். இதைத் தவிர்க்க வாடிக்கையாளர்களின் எண்களைப் பெயரோடு சேமித்து, வரவேற்புச் செய்தி யாருக்குப் போக வேண்டும் என்ற அமைப்பில், சேமிக்கப்படாத எண்களுக்கு மட்டும் என்பதைத் தேர்ந்தெடுக்கலாம். வேலை பாக்கியுள்ள உரையாடல்களுக்கு ஒரு லேபிள் போட்டு வைத்தால், காலையில் எந்த வணக்கத்தை முதலில் திறக்க வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

பெரிய நிறுவனங்கள் செயலிக்குப் பதில் வாட்ஸ்அப்பின் வணிகத் தளத்தில் மென்பொருளை இணைத்துப் பதில் தருகின்றன. சொற்களை மட்டும் தேடும் எளிய மென்பொருளுக்கு வணக்கம் படத்துக்குள்ளேயே எழுதப்பட்டிருந்தால் ஒன்றும் புரியாது. ‘தவறான தேர்வு, 1 அல்லது 2 என்று அனுப்பவும்’ என்று அது பதில் கொடுக்கும். வணக்கம் சொன்னவர் தவறு செய்தவராகிவிடுவார். எழுத்தில்லாத படம் வந்து, அனுப்பியவர் பெயரில் முடியாத ஆர்டர் இருந்தால், உரையாடல் ஓர் ஊழியரிடம் போகும்படி அமைப்பதே சரி.

அந்தத் தளத்தில் நேரக் கணக்கும் உண்டு. வாடிக்கையாளர் கடைசியாக எழுதியதிலிருந்து 24 மணி நேரம் வரைதான் நிறுவனம் தன் சொந்த வார்த்தையில் பதில் எழுதலாம். அதற்குப் பிறகு முன்கூட்டியே அனுமதி பெற்ற மாதிரிச் செய்திகளை மட்டுமே அனுப்ப முடியும். வெறும் வணக்கமும் இந்தக் கடிகாரத்தை ஓடவிடும். சனிக்கிழமை காலை 6.50க்கு வந்ததைத் திங்கட்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், ஞாயிறு காலை 6.50க்கே அந்த வாய்ப்பு முடிந்துவிடும். கடிகாரம் திறந்திருக்கிறதே என்று விளம்பரத்தை அனுப்புவதும் ஆகாது. எரிச்சலடைந்தவர்கள் எண்ணைத் தடை செய்தாலோ புகார் செய்தாலோ அந்த எண்ணின் தர மதிப்பீடு இறங்கும்.

படத்துக்குப் பதில் `.apk` என்று முடியும் கோப்பு வந்தால் மட்டும் நடைமுறை வேறு. வாழ்த்து, திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வரும் இத்தகைய கோப்புகள் மொபைலில் நிறுவப்படும் செயலிகள். பணத்தையும் தகவலையும் திருட இந்த வழி பயன்படுத்தப்படுகிறது. தெரிந்தவர் எண்ணிலிருந்து வந்தாலும் அதைத் திறக்காமல், அவரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்க வேண்டும். அவருடைய வாட்ஸ்அப் கணக்கே வேறொருவர் கையில் போயிருக்கலாம்.