‘ஜூன் நடுவில் அனுப்பிவிடுவோம்’: ஒரு பணிவான மின்னஞ்சல் 5.6 லட்சம் ரூபாய் செலவு வைத்தது எப்படி?

“தங்கள் பொறுமைக்கு மிக்க நன்றி. வேலை நல்லபடியாக நடந்துகொண்டிருக்கிறது. சிறிய தாமதம் இருக்கலாம். எப்படியும் ஜூன் நடுவில் அனுப்பிவிட முழு முயற்சி எடுக்கிறோம்.”

திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றிலிருந்து ஜெர்மனியில் இருக்கும் பையருக்கு ஆங்கிலத்தில் போன மின்னஞ்சலின் சாரம் இது. படித்தால் தப்பாக ஒன்றும் தெரியாது. ஆனால், எந்தத் தேதியில் என்ன நடக்கும் என்பது மட்டும் இதில் இல்லை. அது எவ்வளவு பெரிய செலவில் போய் முடியும்? ஒரு கற்பனைக் கதை மூலம் பார்ப்போம். கம்பெனியும் தொகைகளும் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை.

என்ன ஆர்டர்?

மொத்தம் 12,000 டி-ஷர்ட். கருப்பு 6,000, நீலம் 6,000. ஒன்று 270 ரூபாய் என்றால் 32.4 லட்சம் ரூபாய் ஆர்டர். இதில் உரிமையாளருக்கு நிற்பது 8 சதவீதம், அதாவது சுமார் 2.6 லட்சம் ரூபாய்.

ஜூன் 7-க்குள் தூத்துக்குடியில் கப்பல் ஏற்ற வேண்டும் என்பது ஒப்பந்தம். அங்கிருந்து கொழும்பு போய், பெரிய கப்பலுக்கு மாறி, ஹாம்பர்க் சேர 31 நாள். அங்கே கிடங்கில் இறக்கிக் கடைகளுக்குப் பிரிக்க ஒரு வாரம். ஜூலை 20-ல் விற்பனை தொடங்கலாம் என்பது பையரின் திட்டம்.

மே மாதம் சிக்கல் வந்தது. நீல நிறம் மாதிரியோடு ஒத்துப்போகவில்லை. சாயப்பட்டறையில் துணியை மறுபடி ஓட்ட வேண்டிய நிலை. மே 20-ம் தேதி பையர் நேரடியாகவே கேட்டார்: “ஜூன் 7 உறுதியா? இல்லையென்றால் புதிய தேதி சொல்லுங்கள்.”

மெர்ச்சண்டைசர் பெண் உரிமையாளரிடம் போய், “சார், ஜூன் 7 முடியாதுன்னு எழுதிடலாங்களா?” என்று கேட்டார்.

“முடியாதுன்னு எப்படிம்மா எழுதறது? அடுத்த ஆர்டரே போயிரும். பக்குவமாப் போட்டு விடு, அப்புறம் பார்த்துக்கலாம்.”

அப்படிப் போனதுதான் மேலே பார்த்த மின்னஞ்சல். பையரிடமிருந்து ஒரே வரியில் பதில் வந்தது: “நன்றி, குறித்துக்கொண்டோம்.”

ஒரே வரி, இரண்டு அர்த்தம்

இந்தப் பதிலைப் பார்த்ததும், தாமதத்துக்கு பையர் சம்மதித்துவிட்டார் என்று திருப்பூரில் நிம்மதி. ஜெர்மனியில் அதே வரிக்கு வேறு அர்த்தம். தேதி ஒரு வாரம் தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான்.

‘ஜூன் நடுவில் அனுப்புவோம்’ என்று உரிமையாளர் சொன்னது, பேக்கிங் முடிந்து பெட்டிகள் கம்பெனியை விட்டுக் கிளம்புவதை. பையர் கேட்டதோ கப்பல் ஏறும் தேதி. அதனால், ஜூன் 14-ம் தேதி கப்பலில் சரக்கு ஏறிவிடும் என்று அவர் எடுத்துக்கொண்டார். ஜூலை 15-ல் ஹாம்பர்க், 22-ல் கடைகள் என்று கணக்குப் போட்டு, விற்பனையை ஜூலை 27-க்கு மாற்றினார். விளம்பரத் தாள்களையும் அச்சடித்துவிட்டார்.

இங்கே பேக்கிங் முடிந்தது ஜூன் 18. பையரின் ஆட்கள் வந்து தரம் பார்த்தது 20. இந்தத் தடத்தில் கப்பல் வாரம் ஒருமுறைதான். 21-ம் தேதி கப்பலுக்கு 19-ம் தேதியே துறைமுகத்தில் கன்டெய்னர் இருந்தாக வேண்டும். அது தவறிவிட்டது. அடுத்த கப்பல் ஜூன் 28. ஹாம்பர்க் போய்ச் சேர ஜூலை 29. விற்பனை தொடங்கி இரண்டு நாள் ஆகியிருக்கும், சரக்கு அப்போதுதான் துறைமுகத்தில் இறங்கும்!

கம்பெனியில் முடிந்தது மூன்று நாள் தாமதம். கப்பலில் அது இரண்டு வாரமானது.

செலவு எவ்வளவு?

கடைசியில் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். பாதிச் சரக்கு விமானத்தில், உரிமையாளர் செலவில். மீதி கப்பலில், 5 சதவீதத் தள்ளுபடியோடு.

விமானச் சரக்குக் கட்டணத்தில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. பெட்டியின் எடை, அது அடைக்கும் இடம், இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. 50 டி-ஷர்ட் வைத்த பெட்டி தராசில் 11 கிலோதான். ஆனால் அதன் அளவு 60, 40, 40 சென்டிமீட்டர். மூன்றையும் பெருக்கி 6,000-ஆல் வகுத்தால் 16. ஆக, 16 கிலோவுக்குக் கட்ட வேண்டும்.

6,000 டி-ஷர்ட்டுக்கு 120 பெட்டி. அதாவது 1,920 கிலோ. கிலோவுக்கு 250 ரூபாய் என்று வைத்தால் 4.8 லட்சம் ரூபாய். தள்ளுபடி இன்னொரு 81,000. மொத்தம் 5.61 லட்சம். லாபமாக வரவேண்டிய 2.6 லட்சத்தைக் கழித்தாலும், கையிலிருந்து போனது 3 லட்சம் ரூபாய்.

இதில் வலிக்கிற விஷயம் வேறு. கருப்பு 6,000 சரக்கில் சாயப் பிரச்சினையே இல்லை. ஜூன் 7 கப்பலிலேயே அதை ஏற்றியிருக்கலாம். பாதி கன்டெய்னராக அனுப்பினால் கொஞ்சம் கூடுதல் செலவு ஆகியிருக்கும், ஆனால் விமானக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் அது சொற்பம். நீலம் தயாராக இல்லை என்று சொல்லவே இல்லை என்பதால், அந்த யோசனையை பையரும் கேட்கவில்லை.

‘நடுவில்’ என்றால் எந்தத் தேதி?

வங்கி உலகில் இதற்கு விதியே உண்டு. எல்.சி. எனப்படும் கடன் உறுதிக் கடிதங்களுக்கான யுசிபி 600 என்ற சர்வதேச விதித்தொகுப்பு 2007 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி, மாதத்தின் ‘நடு’ என்றால் 11 முதல் 20 வரை. ‘ஏறக்குறைய இந்தத் தேதி’ என்றால் அதற்கு 5 நாள் முன்னும் 5 நாள் பின்னும். ‘உடனடியாக’, ‘கூடிய விரைவில்’ போன்ற சொற்களை வங்கி கணக்கிலேயே எடுத்துக்கொள்ளாது.

ஆனால், இந்த விதி எல்.சி.க்குத்தான், சாதாரண மின்னஞ்சலுக்கு இல்லை. எல்.சி. இருந்தால் வேறொரு ஆபத்தும் உண்டு. சரக்கு கப்பலில் ஏறிய தேதியை பில் ஆஃப் லேடிங் ஆவணத்தில் வங்கி பார்க்கும். கடைசித் தேதி தாண்டியிருந்தால் பணம் தர மறுக்கலாம். “பையர் மெயில்ல சரின்னு சொன்னாருங்க” என்பது அங்கே செல்லாது. எல்.சி.யையே வங்கி வழியாகத் திருத்த வேண்டும்.

எப்படி எழுதியிருக்கலாம்?

“ஜூன் 7 கப்பலில் முழு ஆர்டரையும் ஏற்ற முடியாது, மன்னிக்கவும். நீலத் துணிக்கு மறுபடி சாயம் ஏற்றுகிறோம். கருப்பு 6,000 தயார், ஜூன் 7-ல் அனுப்பலாம். நீலம் பேக்கிங் முடிவது ஜூன் 18, தர ஆய்வு 20, தூத்துக்குடியில் கப்பல் 28, ஹாம்பர்க் ஜூலை 29. இரண்டாகப் பிரித்து அனுப்பலாமா என்று மே 23-க்குள் சொல்லுங்கள்.”

இதிலும் மரியாதை இருக்கிறது. ஆனால் தேதியில் மழுப்பல் இல்லை. ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அன்று என்ன நடக்கும் என்பதும் இருக்கிறது. மாதத்தைப் பெயராக எழுதுவதும் முக்கியம். 05/06 என்பது நமக்கு ஜூன் 5, அமெரிக்கருக்கு மே 6.

இந்தக் கடிதம் மே 20-ம் தேதியே போயிருந்தால், விளம்பரத் தாள் அச்சுக்குப் போவதற்கு முன்பே பையர் கையில் கிடைத்திருக்கும். கருப்பு டி-ஷர்ட்டை மட்டும் வைத்து ஜூலை 20-லேயே விற்பனையைத் தொடங்கியிருக்கவும் வாய்ப்பு இருந்தது.