அபராதத்தைத் தள்ளுபடி செய்யக் கோரும் கடிதம்

நீண்ட காலம் படுக்கையில் இருந்து வீடு திரும்பும் சுயதொழில் செய்வோர் சிலருக்கு, வாசலில் வரித்துறையின் உறை காத்திருக்கிறது. ஜனவரி 31-க்குள் வருமான வரிப் படிவத்தை அனுப்பாததற்கு 100 பவுண்டு அபராதம் என்று அதில் எழுதியிருக்கும். திடீரென மருத்துவமனையில் சேர நேர்ந்ததைப் பிரித்தானிய வரித்துறை நியாயமான காரணமாக ஏற்கக்கூடும். ஆயினும் "உடல்நலம் சரியில்லை" என்னும் ஒற்றை வரி போதாது. அத்துறை பார்ப்பது நாள்களையே.

ஓர் உதாரணத்தைக் காண்போம். வாடகைக் கார் ஓட்டும் ஒருவர் கடுமையான கணைய அழற்சியால் 2025 ஜனவரி 18 அன்று சேர்க்கப்பட்டார். பிப்ரவரி 6 வரை தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தார். மார்ச் 7 அன்று வீடு திரும்பினார். படிவத்தை மார்ச் 21 அன்று அனுப்பினார். கெடு நாளில் அவர் மயக்க மருந்தின் பிடியில் இருந்தார் என்பதை எளிதில் காட்டலாம். வினா எழுவது மார்ச் 7-க்கும் 21-க்கும் இடைப்பட்ட இரு வாரங்களைப் பற்றியே. தடை நீங்கியபின் தேவையற்ற தாமதமின்றிப் படிவத்தை அனுப்பியிருக்க வேண்டும் என்பது விதி.

ஆகவே அவர் இவ்வாறு எழுதலாம்: "வீடு திரும்பிய முதல் வாரம் உதவியின்றி எழுந்து அமர இயலவில்லை. இரண்டாம் வாரத்தில் ரசீதுகளைத் திரட்டி, மார்ச் 21 அன்று படிவத்தை அனுப்பினேன். என் கணக்குகளை நானே பார்த்து வருகிறேன். வேறு எவரும் அவற்றை அறியார்."

இத்துடன் டிஸ்சார்ஜ் கடிதத்தின் நகலை இணைக்க வேண்டும். நாங்கள் தரும் அக்கடிதத்தில் சேர்ந்த நாளும் வெளியேறிய நாளும் இருக்கும். வீட்டில் எத்தனை நாள் எழ முடியாமல் இருந்தீர்கள் என்பது இராது. அதை நீங்களோ உடனிருந்து பராமரித்தவரோதான் சொல்ல வேண்டும். வெளியேறியபின் ஏற்பட்ட சோர்வைக் குறித்துச் சான்று வேண்டுமாயின், அந்நாள்களில் உங்களைப் பார்த்த குடும்ப மருத்துவரை அணுகுவதே பொருத்தம். நாங்கள் காணாததை எங்களால் எழுதித்தர இயலாது.

முதலில் படிவத்தை அனுப்புங்கள். பிறகு மேல்முறையீடு செய்யுங்கள். இதற்கு SA370 என்னும் படிவம் உண்டு, கடிதமாகவும் எழுதலாம். அபராத அறிவிப்பில் உள்ள தேதியிலிருந்து 30 நாள்களுக்குள் அனுப்ப வேண்டும். அந்நாள்களும் மருத்துவமனையிலேயே கழிந்திருந்தால், அத்தாமதத்துக்கும் தனியே காரணம் கூறுங்கள். மேல்முறையீடு மறுக்கப்பட்டால், 30 நாள்களுக்குள் மறுபரிசீலனை கோரலாம்.

முன்பே நாள் குறிக்கப்பட்ட அறுவைச் சிகிச்சையானால் இக்காரணம் வலுவிழக்கும். சேருமுன்பே படிவத்தை அனுப்பியிருக்கலாமே என்று கேட்பார்கள். நோயாளி நினைவின்றி இருக்கையில் வரித்துறை உறை வந்தால், பராமரிப்பவர் அதைப் பிரித்து, தேதியைக் குறித்துவைப்பது நன்று. படிவம் மூன்று மாதங்களுக்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 10 பவுண்டு வீதம் 90 நாள்கள் வரை அபராதம் கூடக்கூடும்.